நிறுத்தி வைக்கவும்

கம்பிக்காரர் ஊன்றுகோலைப் பிடித்துக் கதவுக்கு வந்து சேர்வதற்குள் கீழே வண்டி கிளம்பிவிட்டது. கதவைத் திறந்தார். வாசற்படிக்கு வெளியே, மாடிப்படி முடிகிற அந்தக் கையகல இடத்தில் தண்ணீர் கேன் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போன தடவை வந்த கேனும் நின்றது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கேன் வேண்டாம் என்று போன் பண்ணிச் சொன்னது அவர்தான். தெளிவாகச் சொன்னார். அந்தப் பக்கம் பேசிய பெண்ணும் "சரிங்க சார்" என்றாள். அதற்கு முன்பெல்லாம் கேன்காரர் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டு, கேனைத் தோளில் சுமந்து சமையலறைக்குள் கொண்டு போய் ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். இரண்டு வார்த்தை பேசுவார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து கேன் வருவது நிற்கவில்லை. கேன்காரர் உள்ளே வருவதுதான் நின்றுபோனது.

கேன் ஒன்றும் கெட்ட கேன் இல்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. விஷயம் வீட்டுக்காரம்மாவுடையது. கீழ் வீட்டில் இருந்துகொண்டு மேல் வீட்டை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். கேன்காரரின் ஈரச் செருப்பு பட்டுப் படி வழுக்கி, ஒரு நாள் அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறு வாரமே மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றை மாட்டினார்.

"இனிமே இந்த வீட்டுல யாருக்கும் கேன் கிடையாது. நானே இதைத்தான் குடிக்கப்போறேன். உங்களுக்கு என்ன, ராஜ பரம்பரையா?" என்றார்.

ராஜ பரம்பரை இல்லை. கம்பிக்காரர் கட்டடத்துக்குக் கம்பி வளைக்கிறவர். பத்து விரலிலும் கட்டுக்கம்பி கிழித்த தழும்பு. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பார்க்காமலேயே எந்தக் கம்பி எந்த அளவு என்று தடவிச் சொல்வார். மூன்றாம் மாடியில் தூண் கம்பியை நிறுத்திக் கட்டிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தார். தொடை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். வேலை இல்லை. மனைவி மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கப் போகிறாள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். இந்த வீடு மருத்துவமனைக்குப் பக்கம். அவள் நடந்து போய்விட்டு நடந்து வரலாம், அவர் காலைக் காட்டுவதற்குத் தள்ளுவண்டியில் உட்கார்ந்தே போகலாம். படியில் இரண்டு பக்கமும் பிடித்து ஏற இரும்புக் கைப்பிடி இருக்கிறது. வேலையில்லாத நொண்டிக்கு வேறு எவன் வீடு கொடுப்பான்? வீட்டை விட்டால் போக இடமில்லை. அது இருவருக்கும் தெரியும். வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும்.

அதனால்தான் அவர் அன்றைக்கே போனை எடுத்தார்.

அந்த முதல் போனை அவர் பிறகு பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தப்பு எங்கே என்று தெரியவில்லை. கம்பெனிக்கு ஆள் பெயரெல்லாம் கணக்கில்லை. கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதில் ஒரு எண் போட்டிருந்தார்கள். குடிவந்த அன்றைக்கே அது இருந்தது. அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

"உங்க நம்பருக்கு ரெண்டு கேன் போகுது சார்" என்றாள் போன் பெண்.

"ரெண்டா? எனக்கு ஒண்ணுதானேம்மா வருது."

"இங்க ரெண்டுன்னுதான் காட்டுது."

"ஒண்ணோ ரெண்டோ, எல்லாத்தையும் நிறுத்தி வைங்க."

"நிறுத்தி வைக்கணும். அவ்வளவுதானே சார்?"

"அவ்வளவுதான்."

"டெலிவரி பண்றவருக்கு மெசேஜ் போட்டுட்டேன் சார். இந்த நாள் இனிய நாளாக இருக்கட்டும்."

அடுத்த தடவை வண்டி வந்தது. கேன் வாசலுக்கு வெளியே நின்றது.

இரண்டாவது தடவை பேசியபோது எதிர் வீதியில் ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேசியது வேறு பெண். போன தடவை சொன்னதை மொத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"நிறுத்தி வைக்கச் சொன்னேனேம்மா, சொன்ன பிறகும் வருது!"

"நிறுத்தி வைக்கலையா சார்?"

"நிறுத்தி... இரும்மா. இங்க பாரு. எனக்கு ஒண்ணு கூட வேணாம்."

"என்ன சார்? ஒண்ணு கூடவா?"

"ஆமா! ஒண்ணு கூட!"

"சரிங்க சார். ஒண்ணு கூட. மாத்தியாச்சு. வேற ஏதாவது உதவி?"

"இதைப் பண்ணா போதும் தாயே" என்று வைத்தார். மனசு லேசானது. இந்தப் பெண் விவரமானவள், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள் என்று சாயங்காலம் மனைவியிடமும் சொன்னார்.

அடுத்த தடவை இரண்டு கேன் நின்றன.

மூன்றாவது போனில் ஆளே வரவில்லை. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிவிட்டு ஒரு ராகத்தைப் போட்டது. அது முடிந்ததும் மறுபடி முக்கியமானது என்றது. அவர் போனை மேஜையில் வைத்துவிட்டுக் காலுக்கு எண்ணெய் தேய்த்தார். தேய்த்து முடிந்த பிறகு ஒருத்தி வந்தாள். எண்ணைக் கேட்டாள். தட்டிப் பார்த்தாள்.

"உங்க ரெக்வஸ்ட் ரெண்டும் முடிச்சாச்சுன்னு இருக்கே சார். நீங்க சொன்னபடியேதான் போயிட்டிருக்கு."

"நான் என்ன சொன்னேன்?"

"அது எனக்குத் தெரியாது சார். முடிஞ்சதுன்னு மட்டும்தான் காட்டும்."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்று தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வலிக்குக் கொடுத்த மாத்திரையில் ஏதாவது உளறுகிறோமோ?

"நீங்க போன் பண்ணவே வேணாம்" என்றாள் மனைவி. வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல், கேன்களுக்கு இடையில் காலை வைத்துத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். "நீங்க போன் பண்ணப் பண்ணத்தான் ஜாஸ்தியா வருது. இன்னொரு தடவை பேசினீங்கன்னா லாரியோட வந்து இறக்கிடுவான்."

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன்."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் நீங்க அப்படித்தான் சொன்னதா உங்கக்கா சொன்னாங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

ஒரு கேனை மட்டும் அவள் உள்ளே உருட்டிக்கொண்டு வந்தாள். சமையலறையில் ஏற்கெனவே இடமில்லை. கட்டில் ஓரத்தில் வைத்தாள். நாள் முழுக்க ஈர விரிப்புகளைத் தூக்கிய தோள், அதற்கு மேல் தூக்க மறுத்தது. மற்றவை படியிலேயே நின்றன.

மறுநாள் வீட்டுக்காரம்மா படியில் பாதி வரை ஏறி நின்று கத்தினார். அதற்கு மேல் ஏற முட்டி விடாது.

"இது வீடா, தண்ணி டிப்போவா? ஒத்தக் கேன் வேணாம்னேன். நீங்க கொலு வெச்ச மாதிரி அடுக்குறீங்க!"

"நிறுத்தச் சொல்லிட்டேம்மா. அவங்கதான் கேக்க மாட்டேங்குறாங்க."

"ஒரு கேனை நிறுத்தத் தெரியாதவன், வாடகை மட்டும் எப்படிக் குடுப்பே? இங்க பாரு தம்பி, மாசக் கடைசிக்குள்ள இந்தப் படி காலியாகணும். கேன் போகணும், இல்லைன்னா நீங்க போகணும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கதவை அறைந்து சாத்தினார். கம்பிக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். ஒரு ஆளைக் கூப்பிட்டு வராதே என்று சொல்வது இவ்வளவு கஷ்டமான வேலையா? முப்பது ஆளை வைத்து வேலை வாங்கியிருக்கிறார். ஒரு சத்தம் போட்டால் கிரேன் நிற்கும்.

அடுத்த முறை கேன்காரரை விடக்கூடாது என்று முடிவு செய்தார். வருகிற நேரம் தெரியும். காலையிலேயே நாற்காலியைப் படி முடிகிற இடத்தில் போட்டு, தகடு வைத்த காலை நீட்டி, ஊன்றுகோலைக் குறுக்கே கைப்பிடியில் மாட்டி உட்கார்ந்துகொண்டார். சுங்கச்சாவடி போல இருந்தது.

வண்டி நின்றது. தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கேன்காரர் ஏறினார். ஊன்றுகோலைப் பார்த்ததும் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வழி விடுங்க. வெயிட்டு."

வழக்கமாக அண்ணே என்று கூப்பிடுகிறவர். அண்ணே இல்லை.

"எதுக்குப்பா கொண்டு வர்றே?"

"எதுக்கா? நல்லாருக்கே. சொன்னதைச் செய்றேன்."

"நான் நிறுத்தி வைக்கச் சொன்னேன்."

"நிறுத்தித்தானே வைக்கிறேன்!" கேன்காரர் கையிலிருந்த கேனைப் படியில் டங்கென்று வைத்தார். "படுக்கவா வெச்சேன்? ஒரு நாளாவது சாய்ச்சு வெச்சேனா? நேரா நிறுத்தி வெச்சுட்டு, சத்தம் காட்டாமப் போறேன். இதுக்கு மேல எப்படி நிறுத்துறது?"

கம்பிக்காரர் திரும்பிப் பார்த்தார். கேன்கள் நேராகத்தான் நின்றன.

"நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றார் கேன்காரர். "எத்தனை மாசமா உள்ள வந்து கவுத்துட்டுப் போறேன்? ஒரு ஸ்பூன் காணாமப் போயிருக்குமா? அக்கா வேலைக்குப் போயிடுறாங்க, நீங்க படுத்துருக்கீங்க, நான் உள்ள வர்றது பிடிக்கலைன்னா நேரா என்கிட்ட சொல்லலாம். மெசேஜ்ல போடுறாங்க, 'கேனை நிறுத்தி வைக்கவும்'னு. அப்படின்னா என்ன அர்த்தம்? வாசலோட நிறுத்திக்கோன்னுதானே? சரிடா, நம்ம மரியாதை இவ்வளவுதான்னு போயிட்டேன். அடுத்த வாரம் மெசேஜ், 'ஒண்ணு கூட'. உள்ள விட மாட்டாங்களாம், ஆனா ஒரு கேன் கூடுதலா வேணுமாம்!"

கம்பிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

"தம்பி. நிறுத்தி வைன்னா, வர்றதை நிறுத்துன்னு அர்த்தம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க தூண் நிறுத்தலையா? அதை வராம பண்றதா அர்த்தம்?"

தூண் கம்பியை நிமிர்த்திக் கட்டுவதற்கு அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை அதுதான். நிறுத்துடா, நிறுத்து, நேரா நிறுத்து. அந்த வார்த்தையை உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தபோதுதான் சாரம் சரிந்தது.

"அப்போ ஒண்ணு கூட?" என்றார் கேன்காரர்.

"ஒண்ணு கூட வேணாம்னேன்."

"'வேணாம்' வரலைண்ணே." அண்ணே திரும்பி வந்துவிட்டது. கேன்காரர் தோளிலிருந்ததை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். "ஐயோ. நான் என் பொண்டாட்டிகிட்ட உங்களை எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா?"

"சரி, இப்போ தெரிஞ்சுடுச்சுல்ல? இதை எடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து வராதே."

கேன்காரர் தலையை ஆட்டினார். "அது முடியாதுண்ணே. காலையில லிஸ்ட்டுல இருக்கிறதை ஏத்தி விடுவாங்க. நிறைகேன் திரும்பி வந்தா, போகாம ஏமாத்திட்டேன்னு என் சம்பளத்துல கை வைப்பாங்க. லிஸ்ட்டுலேர்ந்து உங்க நம்பர் போகணும். போன்ல பேசுற பொண்ணுங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவங்க எனக்கு மெசேஜ்தான் அனுப்புவாங்க. லிஸ்ட்டை வெட்டுறது ஆபீஸ்ல இருக்கிற மேனேஜர். அவருக்கு லெட்டர் போடுங்க."

"லெட்டரா? இந்தக் காலத்துலயா?"

"போன்ல சொல்றதை யாரும் சொல்லலைன்னுடலாம். லெட்டரை அப்படிச் சொல்ல முடியாது. கேன்ல ஒட்டின லேபிள்ல அட்ரஸ் இருக்கும். பதிவுத் தபால்ல போடுங்க. வாங்கினதுக்குக் கையெழுத்து போட்ட அட்டை திரும்பி வர்ற மாதிரி போடுங்க. நம்பரை எழுதாம விட்டுடாதீங்க. நம்பர் இல்லாத லெட்டரு டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணுண்ணே, உங்க நம்பர்லதான் கீழ..."

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. கேன்காரர் சட்டென்று எழுந்து, இரண்டு கேனையும் சுவரோரம் வைத்து, "வர்றேண்ணே" என்று இறங்கிப் போனார். வீட்டுக்காரம்மா படியருகில் நின்று கேன்காரரைப் பார்த்த பார்வையில் கோபத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. கம்பிக்காரருக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. அந்தச் சில வாரங்களில் பிடிபடாதவை நிறைய இருந்ததால் இதையும் அதோடு சேர்த்துவிட்டார்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு மனைவி கட்டிலில் விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரை எடுத்தாள். எழுத்து அவளுடையது, வாசகம் அவருடையது என்று பேச்சு.

"எழுது. ஐயா, எங்கள் வீட்டுக்கு வரும் கேனை நிறுத்தி..."

"நிறுத்துங்க!"

"எதை?"

"பேச்சை. அந்த வார்த்தையே இந்த லெட்டர்ல வரக்கூடாது."

"சரி. இனிமேல் கேன்காரரை அனுப்ப வேண்டாம்."

"அனுப்பலைன்னா இங்க நிக்கிற கேனை யார் எடுப்பா? உங்க தாத்தாவா?"

அவர் யோசித்தார். "கேனை எடுக்கவும்."

"எடுக்கவும்னா? வார்டுலேர்ந்து எங்களுக்கு அப்படித்தான் சீட்டு வரும், 'துணியை எடுக்கவும்'னு. அழுக்குத் துணியை எடுக்கணுமா, துவைச்சதை எடுத்துட்டு வரணுமான்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் நோயாளி படுத்திருந்த விரிப்பையே உருவிட்டு வந்துட்டா எங்காளு. காலி கேன், திறக்காத கேன்னு பிரிச்சு எழுதணும். எந்தத் தேதியிலேர்ந்துன்னு எழுதணும். இல்லைன்னா, சரி, அடுத்த வருஷத்துலேர்ந்துன்னு நினைச்சுக்குவாங்க."

"ரத்துன்னு போடு. ரத்துன்னா ரெண்டு அர்த்தம் இல்லையே?"

இருவரும் கொஞ்ச நேரம் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். வேறு அர்த்தம் எதுவும் தட்டவில்லை. இருந்தாலும் அவர் நம்பவில்லை. நிறுத்து என்ற வார்த்தையையும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

நான்கு பேப்பர் கிழிந்த பிறகு கடிதம் இப்படி வந்தது. மேலே தேதி, முகவரி, கதவு ஸ்டிக்கரில் இருந்த எண்.

"ஐயா, மேற்கண்ட எண்ணுக்கு வரும் குடிதண்ணீர் கேன் சப்ளையை வரும் பதினைந்தாம் தேதி முதல் நிரந்தரமாக ரத்து செய்கிறோம். அந்தத் தேதியிலிருந்து இந்த எண்ணுக்கு நிறைகேன் எதுவும் கொண்டு வர வேண்டாம். இது பற்றி மூன்று முறை போனில் சொல்லியும் கேன் தொடர்ந்து வருகிறது. பேசிய தேதிகளைக் கீழே கொடுத்திருக்கிறோம். எங்கள் வாசலில் உள்ள காலிக் கேன்களையும் திறக்காத கேன்களையும் ஆள் அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளவும். நாங்கள் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தரவும். ரத்து செய்ததை எழுத்தில் தெரிவிக்கவும்."

கீழே கம்பிக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கம்பி முறுக்கும் கொக்கி மாதிரி பிடித்து, பேப்பர் மறுபக்கம் வரைக்கும் பதிகிற மாதிரி போட்டார்.

"முறுக்காதீங்க, கிழிஞ்சுடும்" என்றாள் மனைவி.

மருத்துவமனை வாசலில் நகல் எடுத்து ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். தபால் நிலையத்தில் இருந்தவர் உறையோடு சேர்த்த அட்டையைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு கேஸாம்மா?" என்றார்.

"தண்ணி கேன் சார்."

"தண்ணி கேனுக்கா பதிவுத் தபால்?" என்று சிரித்துக்கொண்டே ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "எங்க வீட்டுல கேபிள்காரன் இன்னும் வந்துட்டிருக்கான். டிவியே இல்லை. அந்த லெட்டரை எப்படி எழுதினீங்க, கொஞ்சம் காட்டுங்க."

ரசீதை நகலோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. கம்பிக்காரர் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா கண்ணில் பட்டபோதெல்லாம், "லெட்டர் போட்டுருக்கேம்மா" என்றார். "லெட்டர் போட்டானாம்" என்று அந்த அம்மா சுவரிடம் சொன்னார். கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் போட்ட அட்டை திரும்பி வந்தது. அன்றைக்கும் இரண்டு கேன் வந்து நின்றன. பதினைந்துக்கு முந்தைய நாள் அது என்பதால் கேட்கவும் முடியவில்லை. கேன்காரர் கையை விரித்து, "இன்னிக்கு வரைக்கும் லிஸ்ட்டுல இருக்குண்ணே" என்றார்.

கம்பிக்காரருக்கு மறுபடி குழப்பம் வந்தது. அட்டையில் இருக்கிற கையெழுத்து யாருடையது? படித்துவிட்டுப் போட்டாரா, வாங்கிக்கொண்டு மட்டும் போட்டாரா? ரத்து என்றால் வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமோ? மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. மனைவி சலவைக் கூடத்தில் தெரிந்தவர்களிடம் எல்லாம் வீடு விசாரித்திருந்தாள். கிடைத்த ஒரே வீடு நான்காவது மாடி, கைப்பிடி இல்லாத படி.

பதினைந்து தாண்டிய முதல் நடையில் வண்டி வந்து நின்றது. கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பிக்காரர் நின்றார். படியில் காலடி கேட்டது. இலகுவான காலடி. சுமை இல்லாதவன் ஏறுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று சுமந்தவருக்குத் தெரியும்.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, வெட்டிட்டாங்க! நம்பரே லிஸ்ட்டுல இல்லை!"

கேன்காரர் வெறுங்கையோடு நின்றார். சட்டைப்பையிலிருந்து கம்பெனி தாளை எடுத்துக் கொடுத்தார். ரத்து செய்யப்பட்டது என்று அதில் அச்சாகியிருந்தது. முன்பணம் எப்போது வரும் என்றும் இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, கட்டிலோரக் கேனைத் தூக்கினார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, படியைத் துடைத்தாற்போலக் காலி செய்தார். கடைசியாகத் தன் துண்டை எடுத்து ஈரமாயிருந்த படியை நிஜமாகவே துடைத்தார்.

"கால் சரியாயிடட்டும்ணே. தூண் நிறுத்துங்க. கேன் வேணாம்."

கம்பிக்காரர் மெஷின் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து வைத்துக்கொண்டு, வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக உட்கார்ந்தார். இனிமேல் யாரும் அவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது. அரை டம்ளர் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து, மனைவிக்கு விடுமுறையான காலையில், படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பாதிப்படிக்கு மேல் ஏறாத வீட்டுக்காரம்மா இன்று மேலேயே வந்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கையில் ஒரு காலி கேன்.

கம்பிக்காரர் முந்திக்கொண்டார். "அது எங்க கேன் இல்லைம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. வேணும்னா லெட்டரைக் காட்டுறேன்."

"லெட்டரா? லெட்டரைப் பத்தித்தான் கேக்க வந்தேன்." வீட்டுக்காரம்மாவின் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. "போன் பண்ணா, அந்தப் பொண்ணு சொல்றா, உங்க லெட்டர்படி நிரந்தரமா ரத்து பண்ணிட்டோம்னு. நான் எப்போய்யா லெட்டர் போட்டேன்?"

"நீங்க எதுக்கும்மா போன் பண்ணீங்க?" என்றார் கம்பிக்காரர்.

மனைவி கேனைப் பார்த்தாள், வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. இந்த வீட்டுக்கு எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு முதலிலிருந்தே இரண்டு கேன் போய்க்கொண்டிருந்தது. ஒன்று மாடிப்படி ஏறியது, இன்னொன்று கீழே பின்வாசல் வழியாகப் போனது. அந்த எண்ணைத்தான் இவர்கள் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் வெட்டியிருக்கிறார்கள்.

"உங்களுக்கும் கேன் வருதாம்மா?" என்றாள் மெதுவாக.

"அது... மாத்திரை போட மட்டும்."

"ஒரு முழுக் கேனா?"

"மாத்திரை நிறைய." வீட்டுக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த மெஷின் தண்ணி என்னவோ எனக்கு ஒத்துக்கலை. ஒரு வாசனை. உங்களுக்கெல்லாம் வரலையா?"

கம்பிக்காரர் கையில் மெஷின் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதை மூக்கருகே கொண்டு போனார். இது வரைக்கும் இல்லாத வாசனை ஒன்று இப்போது இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"போன்ல எவ்வளவோ சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்காரம்மா. "எனக்குக் கேன் வேணும்னு சொன்னா, ரத்து ஆயிடுச்சுங்குறா. ரத்தை ரத்து பண்ணுடின்னா, என்ன சொல்றீங்கன்னு கேக்குறா."

"போன்ல சொன்னா நடக்காதும்மா" என்றாள் மனைவி. "லெட்டர் எழுதணும். பதிவுத் தபால்ல. நம்பர், தேதி எல்லாம் போட்டு. உங்களுக்குத் தனி நம்பரே வாங்கிடலாம்."

"அதான் நீ எழுதினியாமே. கேன்காரன் சொன்னான், அந்தக்கா எழுதினா ஆபீஸே ஆடுதுன்னு."

மனைவி எழுந்து அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து பேப்பரையும் பேனாவையும் எடுத்து வந்தாள். எழுத ஆரம்பிக்கவில்லை. பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்தாள்.

"மாசக் கடைசிக்கு வேற இடம் பாக்கச் சொன்னீங்களேம்மா. நாலாவது மாடியில ஒண்ணு பாத்துருக்கோம். போற அவசரத்துல லெட்டரைச் சரியா எழுத முடியுமான்னுதான்..."

"யாரு போகச் சொன்னா? படிதான் காலியாயிடுச்சே. நான் ஏதோ கோவத்துல சொல்லியிருப்பேன். அதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு. நீ எழுதும்மா."

மனைவி தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினாள். கடைவாயில் சிரிப்பு நின்றது. ஐயா என்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தனை கேன்னு போடணும்மா?"

"ஒண்ணு" என்றார் வீட்டுக்காரம்மா. பிறகு கம்பிக்காரரின் டம்ளரைப் பார்த்தார். குரல் இறங்கியது. "உங்களுக்கும் வேணும்னா... பின்வாசல் வழியா... ஒண்ணு கூட..."

"முழுசாச் சொல்லுங்கம்மா!" கம்பிக்காரர் கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஒண்ணு கூட, வேணுமா வேணாமா?"

வீட்டுக்காரம்மா விழித்தார். அந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு படபடப்பு என்று அவருக்கு விளங்கவில்லை.